சின்ன டிரஸ்ட் வெப்சைட்டுக்கு அக்சஸிபிலிட்டி ஆடிட்: லெவல் என்ன, எப்படி சோதிக்கிறது, எதை முதல்ல சரி பண்றது

அக்சஸிபிலிட்டின்னா பார்வை இல்லாதவங்க, மவுஸ் பிடிக்க முடியாதவங்க உட்பட எல்லாராலயும் சைட்டை பயன்படுத்த முடியறது. ஒரு சின்ன கல்வி டிரஸ்ட்டோட சைட்டை அதுக்காக ஆடிட் பண்ணி சரி பண்ணின அனுபவத்துல இதை எழுதுறேன். வேர்ட்பிரஸ் சைட், சுமார் 60 பக்கம், பாதி தமிழ் பாதி இங்கிலீஷ். உதவித்தொகை விண்ணப்ப ஃபார்ம் ஒண்ணு, நன்கொடை பக்கம் ஒண்ணு, ஆண்டறிக்கை பிடிஎஃப் 11, போட்டோ கேலரி. முழுநேர டெவலப்பர் கிடையாது, வாரத்துக்கு அஞ்சாறு மணி நேரம் ஒதுக்குற வாலண்டியர் ஒருத்தர், அப்புறம் நான். உங்க சைட்டும் இந்த அளவுல இருந்தா கீழ சொல்ற வரிசை அப்படியே பொருந்தும்.

புதுசா வர்றவங்க எல்லாரும் ஒரே இடத்துலதான் சறுக்குறாங்க. ஒரு டூலை ஓட்டுவாங்க, 200 எர்ரர் வரும், முதல் வரியில இருந்து சரி பண்ண ஆரம்பிப்பாங்க. ரெண்டு வாரம் கழிச்சு பார்த்தா கேலரி போட்டோவுக்கெல்லாம் விளக்கம் எழுதியிருக்கும், ஆனா பார்வையில்லாத ஒரு மாணவரால விண்ணப்பத்தை இன்னும் அனுப்ப முடியாது. அதனால வரிசையை மாத்தாதீங்க.

## 1. லெவல்னா என்னன்னு முதல்ல தெளிவாகுங்க

உலகம் முழுக்க அளவுகோலா இருக்கறது வெப் கன்டென்ட் அக்சஸிபிலிட்டி கைட்லைன்ஸ், சுருக்கமா டபிள்யூசிஏஜி. இப்ப இருக்கற பதிப்பு 2.2, 2023 அக்டோபர்ல வந்தது. இதுல ஏ லெவல்ல 31 விதி, டபுள் ஏல இன்னொரு 24, ட்ரிபிள் ஏல இன்னொரு 31. லெவல் எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கினது, அதாவது ஒரு பக்கம் டபுள் ஏன்னு சொல்லணும்னா 31 கூட்டல் 24, மொத்தம் 55 விதியும் அந்த பக்கத்துல தேறணும். 54 தேறினா டபுள் ஏ இல்ல, அவ்வளவுதான், 98 சதவீதம் டபுள் ஏன்னு ஒண்ணு கிடையாது.

நீங்க குறி வைக்க வேண்டியது டபுள் ஏ. இந்தியாவுல அரசு சைட்டுகளுக்கான ஜிஐஜிடபிள்யூ 3.0 கேக்கறது 2.1 பதிப்போட டபுள் ஏதான், மத்த நாடுகள்லயும் பெரும்பாலும் அந்த லெவலைத்தான் சட்டத்துல வச்சிருக்காங்க. ட்ரிபிள் ஏவை முழு சைட்டுக்கும் பொதுக் கொள்கையா வைக்க வேணாம்னு அந்த கைட்லைன்ஸே சொல்லுது, ஏன்னா சில உள்ளடக்கத்துக்கு அதோட எல்லா விதியையும் நிறைவேத்தவே முடியாது.

புதுசா வர்றவங்களுக்குத் தெரியாத ரெண்டு நிபந்தனை இருக்கு. ஒண்ணு, கணக்கு முழு பக்கத்துக்குத்தான், "கீழ இருக்கற மேப்பைத் தவிர மத்ததெல்லாம் ஓகே"ன்னு சொல்ல முடியாது. ரெண்டாவது, பல படி உள்ள வேலைன்னா எல்லா படியும் தேறணும். எங்க விண்ணப்பம் நாலு பக்கம் ஓடும், மூணாவது பக்கத்துல சான்றிதழ் அப்லோட் பண்ற இடம் தேறலைன்னா மத்த மூணு பக்கமும் சேர்ந்து போச்சு. கேக்க கொஞ்சம் கொடுமையா இருக்கும், ஆனா யோசிச்சுப் பாருங்க, மூணாவது படியில நிக்கறவருக்கு முதல் ரெண்டு படி நல்லா இருந்து என்ன பிரயோஜனம்.

இன்னொரு விஷயம் இப்பவே சொல்லிடறேன், கடைசியில இதுதான் முக்கியமா வரும். லெவல் என்பது "நாங்க இந்த அளவு தேறிட்டோம்"னு சொல்றதுக்கான கணக்கு. எதை முதல்ல சரி பண்ணணும்னு அது சொல்லாது. ஏ லெவல் தப்பை எல்லாம் முடிச்சுட்டு டபுள் ஏக்கு வரலாம்னு கிளம்புனா மாட்டிக்குவீங்க.

## 2. உட்கார்றதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

முதல்ல ஒரு தாள்ல, இந்த சைட்டுக்கு ஆளுங்க எதுக்கு வர்றாங்கன்னு மூணே மூணு வேலையை எழுதுங்க. எங்களுக்கு வந்தது: உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கறது, நன்கொடை கொடுக்கறது, ஆபீஸ் போன் நம்பரை கண்டுபிடிக்கறது. இதை டிரஸ்ட்ல போன் எடுக்கறவங்களை கேட்டு எழுதுங்க, நிர்வாகக் குழுவை கேட்டா "எங்களைப் பற்றி" பக்கத்தைத்தான் சொல்வாங்க.

அப்புறம் ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர், அதுல இலவசமா கிடைக்கற என்விடிஏ ஸ்கிரீன் ரீடர், அதாவது திரையில இருக்கறதை சத்தமா படிச்சுச் சொல்ற சாஃப்ட்வேர். ஒரு ஆண்ட்ராய்டு போன், அதுல டாக்பேக்னு அதே மாதிரி ஸ்கிரீன் ரீடர் ஏற்கனவே இருக்கும். குரோம்ல ஆக்ஸ் டெவ்டூல்ஸ், வேவ்னு தப்பை தானா தேடித் தர்ற ரெண்டு எக்ஸ்டென்ஷன். எல்லாமே ஓசிதான். அப்புறம் ஒரு ஸ்பிரெட்ஷீட்.

வேர்ட்பிரஸ் அட்மின் பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கு, தீமை யார் மாத்தலாம்னு இப்பவே கேட்டு வச்சுக்குங்க. ஆடிட் முடிஞ்சப்புறம் "அந்த தம்பி இப்ப போன் எடுக்கறதில்ல"ன்னு தெரிய வந்தா ரிப்போர்ட் அப்படியே தூங்கும். எங்களுக்கு அதுலயே மூணு வாரம் போச்சு.

## 3. எந்தெந்த பக்கத்தை எடுக்கறது

60 பக்கத்தையும் கையால சோதிக்க வேணாம், ஏன்னா ஒரே டெம்ப்ளேட்ல வந்த பக்கங்கள்ல ஒரே தப்புதான் திரும்பத் திரும்ப வரும். சைட்டை சுத்திப் பார்த்து வகை வகையா ஒண்ணு எடுங்க. நாங்க எடுத்தது முகப்பு, விண்ணப்பத்தோட நாலு பக்கமும், நன்கொடை, தொடர்பு, ஒரு செய்தி பக்கம், கேலரி, ஆண்டறிக்கை பட்டியல். மொத்தம் 10.

அதோட கண்ணை மூடிட்டு இன்னொரு பக்கம், பத்துக்கு ஒண்ணுங்கற கணக்குல. தேர்ந்தெடுத்த பக்கங்கள்ல வராத புது வகை தப்பு இந்தப் பக்கத்துல வந்தா உங்க தேர்வு பத்தலைன்னு அர்த்தம், இன்னும் கொஞ்சம் பக்கம் சேருங்க. எங்களுக்கு அப்படி சிக்கினது 2019ல யாரோ போட்ட ஒரு நிகழ்ச்சி பக்கம், முழுக்க ஒரு வாட்ஸாப் போஸ்டர் படம், தேதி இடம் எல்லாமே படத்துக்குள்ள, கீழ ஒரு வரி எழுத்துகூட இல்ல. அதுக்கப்புறம் தேடினா அதே மாதிரி ஒன்பது பக்கம்.

விண்ணப்ப ஃபார்மோட எர்ரர் வர்ற நிலையையும், "நன்றி" பக்கத்தையும் சேர்த்துக்க மறக்காதீங்க. எல்லாரும் காலியான ஃபார்மை மட்டும் பார்த்துட்டு போயிடுவாங்க, ஆனா ஆளுங்க மாட்டிக்கறது தப்பா நிரப்பினப்புறம்தான்.

## 4. மவுஸை கழட்டி வைங்க

டூலுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க. டூல் லிஸ்ட்டை முதல்ல பார்த்துட்டா அது காட்டினதை மட்டுமே தேடுற கண்ணு வந்துரும்.

`Tab` அடிச்சா அடுத்த இடம், `Shift + Tab` பின்னாடி, லிங்க்குக்கு `Enter`, பட்டனுக்கு `Enter` இல்லன்னா `Space`, பாப்அப்பை மூட `Esc`. இவ்வளவை வச்சு உங்க மூணு வேலையையும் ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் முடிக்கணும். போகும்போது மூணு கேள்வி: இப்ப நான் எங்க இருக்கேன்னு கண்ணுக்குத் தெரியுதா, மவுஸ்ல போக முடிஞ்ச எல்லா இடத்துக்கும் போக முடியுதா, உள்ள போன இடத்துல இருந்து வெளிய வர முடியுதா.

எங்க முகப்புல அஞ்சு செகண்ட்ல "விண்ணப்பிக்க கடைசி தேதி"ன்னு ஒரு பாப்அப் வரும். மூடுற எக்ஸ் குறி ஒரு `span`, கீபோர்டுக்கு அது இருக்கறதே தெரியாது. `Tab` அடிக்க அடிக்க ஃபோகஸ், அதாவது கீபோர்டு இப்ப நிக்கற இடம், பாப்அப்புக்குப் பின்னாடி இருக்கற மெனுவுல சுத்திட்டு இருக்கு, மேல பாப்அப் அப்படியே உக்காந்திருக்கு. வெறும் முகப்பைத் தாண்டவே முடியல.

அதைவிட மோசம் மூணாவது பக்கம். வருமானச் சான்றிதழ் அப்லோட் பண்ற இடத்தை அழகா காட்டணும்னு நிஜ ஃபைல் இன்புட்டை `display:none` போட்டு மறைச்சு, மேல ஒரு வண்ண லேபிள் வச்சிருந்தாங்க. மவுஸ்ல கிளிக் பண்ணா வேலை செய்யும். கீபோர்டுல `Tab` அடிச்சா அந்த இடத்தையே தாண்டி நேரா "அடுத்து" பட்டனுக்குப் போயிடும், ஏன்னா `display:none` ஆன எதுக்கும் ஃபோகஸ் போகாது. ஸ்கிரீன் ரீடருக்கும் அப்படி ஒரு ஃபீல்டே இல்ல. சான்றிதழ் கட்டாயம், போட வழியில்ல. இதை டூல் எதுவும் சொல்லல, ஏன்னா மறைச்ச பொருளை அது தப்புன்னு எடுத்துக்கறதில்ல.

## 5. ஜூமும் நிறமும்

பிரவுசர் விண்டோவை 1280 பிக்சல் அகலத்துல வச்சு `Ctrl` கூட `+` அடிச்சு 400 சதவீதம் வரைக்கும் போங்க. இது 320 பிக்சல் அகலத்துக்குச் சமம். மேலும் கீழும் நகர்த்திப் படிக்கலாம், ஆனா ஒரு வரியைப் படிக்க பக்கவாட்டுல இழுக்க வேண்டி வந்தா அது டபுள் ஏ தப்பு. பெரிய அட்டவணை, மேப் மாதிரி அகலமா இருந்தே ஆக வேண்டியதுக்கு மட்டும் விலக்கு உண்டு.

தமிழ் சைட்டுல இங்க தனியா ஒண்ணு பாருங்க. தீம் எல்லாம் "சப்மிட்" அளவு வார்த்தைக்கு செஞ்சது, நம்ம ஆளு "விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்"னு போட்டிருப்பாரு. பட்டனோட அகலமும் உயரமும் பிக்சல்ல கட்டிப் போட்டிருந்தா பெரிசாக்கும்போது "விண்ணப்பத்தைச் சம"ன்னு நின்னு போயிடும். வரி உயரத்தை இறுக்கி வச்சிருந்தா கீழ இறங்கற கொம்பும் சுழியும் வெட்டுப்படும், "கு"வும் "கூ"வும் ஒண்ணு மாதிரி தெரியும்.

நிறத்துக்கு, சாதா எழுத்துன்னா பின்னணியோட 4.5க்கு 1 விகிதம் வேணும், பெரிய எழுத்துக்கு 3க்கு 1 போதும். வெள்ளைல `#999999` சாம்பல் 2.85தான் வரும், தேறாது. `#767676` 4.54, தேறும். கண்ணால பார்த்து முடிவு பண்ணாதீங்க, உங்க மானிட்டர் வேற, வெயில்ல நின்னு 6000 ரூபா போன்ல பார்க்கறவரோட திரை வேற.

## 6. இப்ப டூலை ஓட்டுங்க

ஆக்ஸை 11 பக்கத்துலயும் ஓட்டுங்க, அப்புறம் வேவ். லேபிள் இல்லாத ஃபீல்டு, நிறம், மொழி குறிக்காத பக்கம், பேரில்லாத பட்டன், இதெல்லாம் நீங்க கையால தேடுறதை விட வேகமா பிடிச்சுத் தரும்.

அது பிடிக்காததுதான் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். படத்துக்கு விளக்கம் இருக்கான்னு பார்க்கும், விளக்கம் சரியான்னு பார்க்காது. எங்க கேலரில ஒரு படத்தோட விளக்கம் `IMG_2041`, ஆக்ஸ் பாஸ் போட்டுச்சு, வேவ்தான் சந்தேகமா இருக்குன்னு ஒரு குறி காட்டுச்சு. அதே மாதிரி பெட்டிக்குள்ள மங்கலா "உங்கள் பெயர்"னு பிளேஸ்ஹோல்டர் மட்டும் போட்டு வச்ச ஃபீல்டையும் ஆக்ஸ் பாஸ் பண்ணும், ஆனா டைப் பண்ண ஆரம்பிச்ச உடனே அது மறைஞ்சிரும், பாதியில போன் வந்து திரும்பிப் பார்த்தா எந்தப் பெட்டி எதுக்குன்னு யாருக்கும் தெரியாது.

குரோமுக்குள்ளயே இருக்கற லைட்ஹவுஸ் டூல்ல ஸ்கோர் 100 வந்ததுன்னு ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்ல போடற பழக்கம் இருக்கு, அதுக்குள்ளயும் ஆக்ஸோட இஞ்சின்தான் ஓடுது. 100ன்னா மெஷின் பார்க்கக்கூடிய விதிகள்ல தப்பு எதுவும் மாட்டல, அவ்வளவுதான். எங்க அப்லோட் பக்கம் 96.

## 7. ஸ்கிரீன் ரீடரோட உக்காருங்க

என்விடிஏவை ஏத்தினதும் மெனுல டூல்ஸ் போய் ஸ்பீச் வியூவரை திறந்து வைங்க, பேசறது எல்லாம் எழுத்தாவும் வரும், ரிப்போர்ட்ல அப்படியே ஒட்டலாம். தமிழ் குரலை போட்டுக்குங்க.

`H` அடிச்சா தலைப்பு தலைப்பா தாவும், `F` அடிச்சா ஃபார்ம் ஃபீல்டு, `Insert + F7` அடிச்சா லிங்க், தலைப்புன்னு வகை வகையா பட்டியல் வரும். அதுல லிங்க் பட்டியலை முதல்ல பாருங்க. எங்க முகப்புல ஒன்பது லிங்க் "மேலும் படிக்க", "மேலும் படிக்க"ன்னு வரிசையா நின்னுச்சு. பார்வையில்லாதவங்க பக்கத்தை மேல இருந்து கீழ வரைக்கும் கேக்கறதில்ல, இப்படித்தான் தாவித் தாவிப் போவாங்க.

புதுசா சோதிக்கறவங்க பண்ற தப்பு என்னன்னா, திரையைப் பார்த்துக்கிட்டே கேக்கறது. கண்ணு பார்த்ததை மூளை நிரப்பிடும், "ஓகே புரியுது"ன்னு தோணும். `Insert + Ctrl + Escape` அடிச்சா என்விடிஏ திரையை கருப்பாக்கிடும், அப்படியே விண்ணப்பத்தை நிரப்பிப் பாருங்க. நான் முதல் தடவை முயற்சி பண்ணப்ப ரெண்டாவது பக்கத்துல பத்து நிமிஷம் நின்னேன். பிறந்த தேதியை விட்டுட்டேன், "அடுத்து" அடிச்சேன், சத்தமே இல்ல. திரும்ப அடிச்சேன், சத்தம் இல்ல. கருப்புத் திரையை எடுத்துப் பார்த்தா அந்தப் பெட்டியைச் சுத்தி ஒரு சிவப்பு கோடு, வேற ஒரு எழுத்துகூட இல்ல. எர்ரர் எதுன்னு எழுத்துல சொல்லணும்கறது டபிள்யூசிஏஜில 3.3.1ங்கற விதி, ஏ லெவல்.

மொழியும் இங்கதான் தெரியும். தமிழ் பக்கத்துக்கு மூலத்துல `lang="en-US"`னு இருந்தா ஸ்கிரீன் ரீடர் இங்கிலீஷ் குரலுக்கு மாறி தமிழை உளறும், குரலைப் பொறுத்து சிலது எழுத்தை முழுங்கிட்டே போயிடும். வேர்ட்பிரஸ்ல சைட் மொழியை யாரும் மாத்தாம விட்டா இதுதான் வரும்.

அப்புறம் போன்ல டாக்பேக் போட்டு அதே விண்ணப்பம், ஏன்னா எங்க மாணவர்கள் பாதிக்கு மேல போன்லதான் நிரப்பறாங்க. வலது பக்கம் தள்ளினா அடுத்தது, ரெண்டு தட்டு தட்டினா திறக்கும்.

முடிஞ்சா ஸ்கிரீன் ரீடர் தினமும் பயன்படுத்தற ஒருத்தரை ஒரு மணி நேரம் கூப்பிட்டு, அதுக்கு காசு கொடுத்து, "சைட் எப்படி இருக்கு"ன்னு கேக்காம "இந்த விண்ணப்பத்தை அனுப்புங்க"ன்னு கொடுத்துட்டு நீங்க வாயை மூடிக்கிட்டு உக்காருங்க. எங்களுக்கு வந்த அண்ணன் 20 நிமிஷத்துல சொன்னது கேப்ட்சா. எழுத்து படம் ஒண்ணு, கேக்கற வசதி கிடையாது. நாங்க டெஸ்ட் சைட்டுல கேப்ட்சாவை அணைச்சு வச்சிருந்தோம், அதனால எங்க கண்ணுல படவே இல்ல. நிஜ சைட்டுலதான் சோதிக்கணும்னு அன்னிக்குப் புரிஞ்சுது.

## 8. எழுதி வைக்கிற விதம்

ஒவ்வொரு தப்புக்கும் ஒரு வரி: எந்தப் பக்கம், என்ன பண்ணேன், என்ன ஆச்சு, எந்த விதி எந்த லெவல், யார் மாட்டிக்குவாங்க. "ஃபார்ம் சரியில்ல"ன்னு எழுதாதீங்க. "மூணாவது பக்கம், `Tab` அடிச்சேன், சான்றிதழ் இடத்தைத் தாண்டிப் போச்சு, 2.1.1, ஏ, கீபோர்டும் ஸ்கிரீன் ரீடரும்"னு எழுதினா சரி பண்றவர் திரும்ப உங்களை கேக்க வேண்டியதில்ல, சரி பண்ணினப்புறம் அதே வரியை வச்சு திரும்ப சோதிக்கலாம்.

எங்களுக்கு மொத்தம் 43 வரி வந்துச்சு. அப்புறம் அதை மூலக் காரணமா சேர்த்தோம். ஃபோகஸ் கோடு தெரியலைன்னு 11 பக்கத்துலயும் 11 வரி, ஆனா காரணம் தீம்ல இருக்கற `outline: none` ஒரே வரி. இப்படி சேர்த்தா 43 வரி 12 காரணமா சுருங்கிடுச்சு. கமிட்டி மீட்டிங்ல 43ன்னு சொன்னா பயப்படுவாங்க, "சைட்டையே புதுசா பண்ணலாமா"ன்னு கேப்பாங்க. 12ன்னு சொன்னா வேலை ஆரம்பிக்கும்.

## 9. எதை முதல்ல சரி பண்றது

ஒவ்வொரு காரணத்துக்கும் இந்த வரிசையில கேளுங்க. ரெண்டாம் பிரிவுல எழுதின மூணு வேலைல ஏதாவது ஒண்ணு யாருக்காவது இதனால முழுசா நின்னு போகுதா? அப்படின்னா முதல் கட்டு. நிக்கல, ஆனா ஒரு இடத்துல மாத்தினா எல்லா பக்கமும் சரியாகுமா? ரெண்டாவது கட்டு. மத்ததெல்லாம் மூணாவது. ஒரே கட்டுக்குள்ள கம்மி நேரம் எடுக்கறது முன்னாடி.

எங்க முதல் கட்டு: பாப்அப்பை தூக்கியே எறிஞ்சோம், பத்து நிமிஷம், அதுல இருந்த செய்தியை முகப்புல ஒரு வரியா போட்டாச்சு. படக் கேப்ட்சாவை எடுத்துட்டு ஸ்பாமுக்கு கண்ணுக்குத் தெரியாத பொறி ஃபீல்டு வச்சோம், அரை மணி நேரம். மொழி மாத்தினது அஞ்சு நிமிஷம். ஃபைல் அப்லோட் ஒரு மணி நேரம். எர்ரர் செய்திக்கு மட்டும் ஃபார்ம் பிளகின்னையே மாத்த வேண்டி வந்துச்சு, அதுக்கு ரெண்டு சனிக்கிழமை.

ரெண்டாவது கட்டு: ஃபோகஸ் கோடு, சாம்பல் எழுத்து, பட்டன் அகலம், "மேலும் படிக்க". எல்லாம் சைல்டு தீம்ல ஒரு சாயங்காலம்.

மூணாவது கட்டுலதான் கேலரி. 340 போட்டோ, விளக்கம் இல்ல, இது ஏ லெவல் தப்பு. ஃபோகஸ் கோடு டபுள் ஏ. லெவல் வரிசைப்படி போயிருந்தா 340 படத்துக்கு எழுதி முடிச்சுட்டுத்தான் ஃபோகஸ் கோட்டுக்கு வந்திருப்போம், கை நடுக்கத்தால மவுஸ் பிடிக்க முடியாதவர் அதுவரைக்கும் எந்தப் பெட்டில இருக்கோம்னு தெரியாம தடவிட்டு இருந்திருப்பாரு. கேலரிக்கு நாங்க வச்ச ஏற்பாடு, இன்னிலருந்து ஏத்தற படத்துக்கு விளக்கம் இல்லாம ஏத்தக்கூடாது, பழசு வாரம் 20. போஸ்டர் பக்கம் ஒன்பதுக்கும் தேதி, இடம், நேரத்தை எழுத்தா டைப் பண்ணிப் போட்டோம்.

"ஒரு விட்ஜெட் வாங்கி ஒட்டிட்டா சைட் முழுக்க சரியாகிடும்"னு யாராவது விலை சொல்லிட்டு வருவாங்க. அந்த மிதக்கற மனித உருவ பட்டன் எழுத்தை பெரிசாக்கும், நிறம் மாத்தும், அதெல்லாம் போன்லயும் பிரவுசர்லயும் ஏற்கனவே இருக்கு. உங்க ஃபைல் அப்லோட் அப்படியேதான் இருக்கும். அந்தக் காசுல ஃபார்ம் பிளகின் வாங்குங்க.

## 10. சரி பண்றப்ப அடிக்கடி வர்ற மூணு

ஃபோகஸ் கோடு:

```css
:focus-visible {
  outline: 3px solid #1a4fa0;
  outline-offset: 2px;
}
```

தீம்ல இருக்கற `outline: none` வரியையும் தேடி எடுத்துருங்க, இல்லன்னா இது அதுக்குக் கீழ அமுங்கிப் போகலாம்.

ஃபைல் இன்புட்டை கண்ணுக்கு மறைக்கலாம், கீபோர்டுக்கு மறைக்கக்கூடாது:

```css
.file-input {
  position: absolute;
  width: 1px; height: 1px;
  overflow: hidden;
  clip-path: inset(50%);
}
.file-input:focus-visible + label {
  outline: 3px solid #1a4fa0;
}
```

எச்டிஎம்எல்ல இன்புட்டுக்கு அடுத்தே லேபிள் வரணும், அப்பதான் அந்த கடைசி விதி வேலை செய்யும்.

ஃபீல்டும் எர்ரரும்:

```html
<label for="dob">பிறந்த தேதி</label>
<input id="dob" name="dob" type="date"
       aria-invalid="true" aria-describedby="dob-err">
<p id="dob-err">பிறந்த தேதியை நிரப்பவும்</p>
```

"அடுத்து" அடிச்சதும் ஃபோகஸை முதல் தப்பான ஃபீல்டுக்கு அனுப்பிடுங்க. போன உடனே பேரையும் எர்ரரையும் சேர்த்துப் படிக்கும்.

எங்க வாலண்டியர் தம்பி ஆர்வத்துல எல்லா பட்டனுக்கும் `aria-label="submit"` போட்டு வச்சாரு. திரையில "அனுப்பு", காதுல "சப்மிட்". `aria-label` போட்டா மேல தெரியற எழுத்தை ஸ்கிரீன் ரீடர் கண்டுக்காது. குரல்ல கட்டளை கொடுக்கறவர் "அனுப்பு"ன்னு சொன்னா பட்டன் அசையாது, அது 2.5.3, ஏ லெவல், அதாவது இல்லாத ஒரு தப்பை நாங்களே புதுசா சேர்த்தோம். எழுத்து தெரியற பட்டனுக்கு அது தேவையே இல்ல.

## 11. பழைய தமிழ் பிடிஎஃப்

இது நம்ம ஊர் சைட்டுகளுக்கே உள்ள தலைவலி. 11 ஆண்டறிக்கைல நாலு ஸ்கேன் பண்ணின படம், ஒரு எழுத்தும் உள்ள இல்ல. அஞ்சு பாமினி மாதிரி பழைய ஃபாண்ட்ல அடிச்சது. கண்ணுக்கு தமிழ் மாதிரியே தெரியும், ஆனா "அம்மா"ன்னு தெரியற இடத்துல உள்ள இருக்கறது `mk;kh`. ஸ்கிரீன் ரீடர் அதைத்தான் படிக்கும். சோதிக்கறது சுலபம், பிடிஎஃப்ல ஒரு வரியை காப்பி பண்ணி நோட்பேட்ல ஒட்டுங்க, தமிழா வந்தா யூனிகோடு, இங்கிலீஷ் குப்பையா வந்தா பழைய ஃபாண்ட், ஒண்ணுமே காப்பி ஆகலைன்னா ஸ்கேன்.

எல்லாத்தையும் மாத்த நினைக்காதீங்க. கடைசி ரெண்டு வருஷத்து அறிக்கையை யூனிகோடுக்கு மாத்தி, பிடிஎஃப்பா இல்லாம சாதா வெப் பக்கமாவே போட்டோம், ஏன்னா பிடிஎஃப்புக்கு டேக் போடற வேலை தனி, பக்கத்துக்கு அது தேவையில்ல. கன்வெர்டர்ல போட்டதை ஒரு தடவை ஆள் படிச்சுப் பார்க்கணும், எண்களும் இங்கிலீஷ் பேரும் நடுவுல சிதைஞ்சிருக்கும். மத்த ஒன்பதுக்கும் பக்கத்துல "படிக்கக்கூடிய வடிவம் வேணும்னா போன் பண்ணுங்க"ன்னு நம்பர் போட்டோம். இதனால அந்த ஃபைல் தேறிடாது, அது தெரிஞ்சேதான் போட்டோம்.

## 12. திரும்ப சோதிச்சு, வெளிய சொல்றது

சரி பண்ணினவரே சோதிக்கக்கூடாது. எட்டாம் பிரிவு ஷீட்டுல இருக்கற அதே வரியை வேற ஒருத்தர் அதே மாதிரி பண்ணிப் பார்த்து தேதி போடணும்.

அப்புறம் சைட்டுல அக்சஸிபிலிட்டி அறிக்கைன்னு ஒரு பக்கம் போடுங்க. என்ன குறி வச்சிருக்கோம், எந்தத் தேதில எந்தப் பக்கங்களை எப்படி சோதிச்சோம், இன்னும் சரியாகாதது எது, மாட்டிக்கிட்டா யாருக்கு போன் பண்ணணும், இவ்வளவு போதும். "எங்க சைட் முழுக்க டபுள் ஏ"ன்னு எழுதாதீங்க, கேலரில இன்னும் 200 போட்டோ பாக்கி இருக்கு. நன்கொடைக்கு பேமென்ட் பக்கம் வெளி கம்பெனியோடது, அதுல இருந்த குறையை நம்மால மாத்த முடியல, அவங்களுக்கு எழுதிட்டு, அறிக்கைல அதையும் சொல்லி பேங்க் அக்கவுண்ட் விவரத்தை எழுத்தா பக்கத்துல போட்டோம்.

மூணு மாசத்துக்கு ஒரு தடவை, அப்புறம் தீமோ பிளகின்னோ அப்டேட் ஆகும்போதெல்லாம், மவுஸ் இல்லாம விண்ணப்பத்தை ஒரு முறை கடைசி வரைக்கும் நிரப்பிப் பாருங்க, அரை மணி நேரம்தான். எங்களுக்கு போன ஜூன் அப்டேட்ல ஃபார்ம் பிளகின் தன்னோட `outline: none`ஐ திரும்பக் கொண்டு வந்துச்சு, ரெண்டாவது `Tab`லயே தெரிஞ்சு போச்சு.